எனக்குத் தெரிந்த வரையில்

நனைந்து காய்ந்த காகிதத்துக்கு ஒரு வாடை உண்டு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருந்த என் வேலைக்காலக் குறிப்பேடுகள் எல்லாம் ஊறிப்போயின. மொட்டை மாடியில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயப்போட்டேன். மைப்பேனாவில் எழுதியதெல்லாம் நீலக் கறையாகப் பரவிவிட்டது. பென்சிலில் எழுதியது ஒரு எழுத்துகூட அழியவில்லை. கால்வாய்க் கரைக்குப் போனால் பென்சிலில்தான் குறிக்க வேண்டும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஓவர்சியர் சொல்லித்தந்த பழக்கம் அது.

அந்தக் குறிப்பேடுகளை மறுபடி எடுக்கவைத்தது ஒரு மின்னஞ்சல். எழுதியவர் ஒரு பெண். பொதுப்பணித்துறையில் நான் இருந்த கடைசிக் காலத்தில், கல்லூரி விடுமுறையில் எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்தவர். விஷயம் மூன்றே வரி. "சார், நான் உங்களிடம் இன்டர்ன்ஷிப் செய்தேன். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு ரெஃபரன்ஸ் லெட்டர் தந்தால் உதவியாக இருக்கும்." கூடவே ஒரு பயோடேட்டா. அதில் எங்கள் அலுவலகத்தைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: பாசன மேலாண்மையில் நான்கு வாரப் பயிற்சி.

முகம் ஞாபகம் வந்தது. தொப்பி போட்டுக்கொண்டு கால்வாய்க் கரையில் நின்ற மூன்று பிள்ளைகளில் ஒருத்தி. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. கோடைதோறும் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். எல்லாருமே பணிவாக இருப்பார்கள், எல்லாருமே கடைசி நாளில் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இதுல என்ன அண்ணாச்சி இருக்கு? அந்தப் பிள்ளையையே எழுதி அனுப்பச் சொல்லுங்க, கையெழுத்தப் போட்டுக் குடுங்க. எல்லாரும் அப்படித்தான செய்யுதாங்க" என்றார். உண்மைதான், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படிப் போகும் கடிதங்கள் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், எதையும் விரைவில் கற்றுக்கொள்பவர், கூட்டாக வேலை செய்யத் தெரிந்தவர். பெயரை மட்டும் மாற்றினால் அந்த ஆண்டு வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். ஒரு மேசையில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் கடிதம் படிக்கிறவருக்கு அதிலிருந்து ஒன்றே ஒன்றுதான் தெரியவரும்: எழுதியவர் இந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை.

எங்கள் காலத்துச் சான்றிதழ்களும் இதே ரகம்தான். கவர்ன்மென்ட் வேலைக்கு மனுப் போட வேண்டுமென்றால் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து, அதுவும் பச்சை மையில். ஊரில் யாராவது ஒரு பெரியவர் பையனைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறுவார். "நம்ம பயதான் சார், தங்கமான பய" என்பார். அதிகாரி நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். இவரை எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தெரியும், நன்னடத்தை உள்ளவர், எனக்கு உறவினர் அல்லர் என்று ஏற்கெனவே டைப் அடித்து வைத்த தாளில் கையெழுத்து விழும். வெளியே வந்து திருச்செந்தூர் ரோட்டில் ஒரு காப்பி. யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சான்றிதழைப் படிக்கிறவரும் அதைச் சடங்காகத்தான் வைத்திருந்தார்.

அந்தச் சடங்குக்கு ஒத்துவராத ஒருவரிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். எங்கள் செயற்பொறியாளர். யாராவது சான்றிதழுக்கு வந்தால் எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, பழைய கடிதம் ஒன்றைக் கொடுத்து, "இதைப் பார்த்து எழுது தம்பி" என்பார். அரைமணி நேரம் கழித்து வாங்கிப் பார்ப்பார். மூன்று ஆண்டுகள் என்ற இடத்தை அடித்துவிட்டு, "இன்று காலை முதல்" என்று எழுதுவார். கீழே தன் கையால் ஒரு வரி சேர்ப்பார்: இவர் என் முன்னிலையில் ஒரு பக்கம் பிழையில்லாமல் பிரதி எடுத்தார், கையெழுத்துத் தெளிவானது. பையன்கள் முகம் தொங்கிப்போகும். ஆனால் அந்தத் தாளைக் கொண்டுபோன ஒருவர் பின்னால் ஒரு அலுவலகத்தில் காப்பியிஸ்டாகச் சேர்ந்து, இனிப்போடு வந்து அவரைக் கும்பிட்டதை நான் நின்று பார்த்தேன். வேலை கொடுத்தவர் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு, இவனையும் உட்காரவைத்து எழுதச்சொல்லிப் பார்த்தாராம். ஆக, சொன்னதைச் சோதித்துப் பார்க்க அதில் இடம் இருந்தது. நன்னடத்தை உள்ளவர் என்பதில் சோதிக்க என்ன இருக்கிறது?

இந்தப் பெண்ணின் கடிதத்திலும் அப்படி ஒரு வரியாவது இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. என்னிடம் இருப்பதைத் தோண்ட வேண்டும், அவரிடம் இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் குறிப்பேட்டை எடுத்தேன். அது கார் பருவம். பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருந்த ஜூன் மாதம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் அந்த எட்டிலிருந்தும் கால்வாய்கள் பிரிகின்றன. பாளையங்கால்வாய் பழவூர் அணைக்கட்டில் பிரிந்து மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியாகப் போவது. மேலப்பாளையத்துக்கு மேற்கே, அந்தக் கால்வாயில் இரண்டு இடங்களில் நீரோட்டத்தை அளக்க அந்த மூன்று பிள்ளைகளையும் விட்டிருந்தோம். கருவி எதுவும் கிடையாது. மிதவை முறைதான்.

மிதவை முறை ரொம்பச் சின்ன வேலை. கரையில் 20 மீட்டர் அளந்து மேலேயும் கீழேயும் குச்சி நட வேண்டும். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மேல் குச்சிக்குக் கொஞ்சம் முன்னால் நடு ஓட்டத்தில் போட வேண்டும். பாதி நிரப்புவது எதற்கென்றால், காலி பாட்டிலைக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு குச்சிக்கும் நடுவே எத்தனை விநாடி என்று பார்த்தால் மேற்பரப்பு வேகம் கிடைக்கும். அடியில் தண்ணீர் மெதுவாக ஓடும் என்பதால் அதை 0.85-ஆல் பெருக்கிக்கொள்வோம். பிறகு அகலம், சராசரி ஆழம். எல்லாம் பெருக்கினால் ஓட்டம் வந்துவிடும்.

பக்கம் பிரித்ததும் பென்சில் கணக்கு கிடைத்தது. மேல் இடத்தில் அகலம் 4 மீட்டர், ஆழம் 0.6 மீட்டர், 20 மீட்டருக்கு 40 விநாடி. விநாடிக்கு 36 கனஅடி. கீழ் இடத்தில் அகலம் 3.8, ஆழம் 0.55, நேரம் 43 விநாடி. 29 கனஅடி. பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு கேள்விக்குறியும், "7 எங்கே?" என்ற குறிப்பும். அதற்குக் கீழே, "பிள்ளைகள் கரையோடு நடந்து பார்த்தார்கள். மடை இரண்டு திறப்பு, 5. மீதி 2 அளவுப் பிழைக்குள் என்கிறாள். சரிதான்."

என்கிறாள். யார் அந்த அவள்? வந்த மூவரில் இருவர் பெண்கள். தலையைத் தட்டி யோசித்தாலும் யார் சொன்னது என்று எனக்கு நிச்சயம் வரவில்லை. கூட்டாகச் செய்த வேலைக்குச் சான்று எழுதும்போது இந்த இடத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் ஒருத்தர் கணக்கில் எழுதிவிடுவோம். அதே ஆண்டு இன்னொரு பிள்ளைக்கும் அதே சம்பவத்தை எழுத நேர்ந்தால் இரண்டு கடிதமும் வீணாகிவிடும்.

அதனால் பதில் எழுதினேன். உங்களைப் பற்றி என்ன எழுதட்டும் என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆகவே குறிப்பாகக் கேட்டேன். எந்தப் படிப்பு, அந்தத் துறை எதில் ஆராய்ச்சி செய்கிறது? பயிற்சி எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, கல்லூரியில் கொடுத்த பயிற்சி அறிக்கையின் நகல் இருக்கிறதா? நீங்கள் தனியாகச் செய்தது எது, மற்ற இருவரோடு சேர்ந்து செய்தது எது? எந்த அளவு ஒத்துவரவில்லை, அப்போது என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்வியை யோசித்துத்தான் கேட்டேன். எல்லாம் சரியாக வந்தது என்று யாரும் சொல்லிவிடலாம். சரியாக வராததைச் சொல்ல, நேரில் நின்று பார்த்தவர்களால்தான் முடியும். பாளையங்கால்வாய்க் கணக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நானே எடுத்துக் கொடுத்துவிட்டால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார்.

மறுநாள் போனே வந்தது. "சார், நானே என்னைப் பத்திப் பெருமையா எழுதுனா நல்லாருக்காதுன்னுதான் ஒண்ணும் எழுதாம விட்டேன். சாருக்கு ஞாபகம் இருக்கும்னும் நெனச்சேன்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்றும் அனுப்பாததை அசட்டை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, அதுவும் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு, அது மரியாதை. பெரியவர்களிடம் போய் நான் இதைச் செய்தேன், அதைச் செய்தேன் என்று சொல்லக்கூடாது என்றுதானே வளர்த்திருக்கிறோம். "பெருமை வேண்டாம்மா, நடந்ததைச் சொல்லு, போதும்" என்றேன்.

பிறகு சொல்லத் தொடங்கினார். கீழ் இடத்தில் முதலில் எடுத்த அளவுகள் தாறுமாறாக இருந்தனவாம். கரையோரம் ஆகாயத்தாமரை ஒதுங்கியிருந்ததில் பாட்டில் முட்டி முட்டி நின்றது. கூட வந்த பையன் அந்த அளவுகளை அடித்துவிடலாம் என்றான். இவர் அடிக்காமல், பக்கத்திலேயே "தாமரை தடுத்தது" என்று எழுதிவிட்டு, கொஞ்சம் கீழே தள்ளிக் குச்சியை நட்டு மறுபடி எடுத்தார். மடை தேடிக் கரையோடு நடந்தது மூவரும் சேர்ந்து. திறந்திருந்த மடைகளைக் காட்டிக்கொடுத்தது எங்கள் லஸ்கர் அண்ணாச்சி. "அது அவர் சொல்லித்தான் சார் தெரிஞ்சது, நாங்க கண்டுபிடிக்கல" என்று தானாகவே சொன்னார். "மீதி ரெண்டு?" என்று கேட்டேன். "மிதவையில பத்து சதவீதம் முன்னபின்ன வரும்ல சார். 36-ல அதுவே மூணரை. ரெண்டு கனஅடிக்குத் திருட்டுன்னு சொல்ல நம்மகிட்ட ஆதாரம் இல்லன்னு நான்தான் சொன்னேன், நீங்க சரின்னீங்க."

அதோடு அறிக்கையின் நகலும் வந்தது. பின்னிணைப்பில் அன்றைய களத்தாளின் புகைப்படம். தாமரை தடுத்தது என்ற சொற்களும், அடிக்காமல் விட்ட அந்த அளவுகளும், அவருடைய கையெழுத்தில். என் குறிப்பேடும் அவர் சொன்னதும் அந்தத் தாளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின.

கடிதம் ஒரே பக்கம்தான் வந்தது. முதல் பத்தியில் நான் யார், எந்தப் பொறுப்பில் இருந்தேன், இவரை எத்தனை வாரம், எவ்வளவு அருகில் இருந்து பார்த்தேன் என்பது. நான்கு வாரம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் களத்தில் என்று உள்ளபடியே எழுதினேன். இரண்டாம் பத்தியில் பாளையங்கால்வாய். 36-க்கும் 29-க்கும் நடுவே காணாமல்போன 7, மூவர் சேர்ந்து நடந்தது, லஸ்கர் காட்டிய மடைகள், ஒத்துவராத அளவை இவர் அழிக்காமல் காரணத்தோடு எழுதிவைத்தது, மீதி இரண்டை அளவின் பிழைக்குள் வைத்தது. மூன்றாம் பத்தி, இவர் படிக்கப்போகும் நீரியல் படிப்புக்கு இது ஏன் முக்கியம் என்பது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் மதிப்பெண் வாங்குவது ஒன்று; அளவின் எல்லை எங்கே முடிகிறது என்று கால்வாய்க் கரையில் நின்று சொல்வது இன்னொன்று. என் அனுபவத்தில், பட்டம் வாங்கி வேலைக்கு வந்த பிறகும் பலருக்கு இது பழக நாளாகும் என்று எழுதினேன். கடைசியில், இவருடைய கணினி மாதிரியாக்க வேலைகளையோ பாட அறிவையோ நான் பார்த்ததில்லை, அதைப் பேராசிரியர்கள் சொல்வார்கள் என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரி வேண்டாமே என்று என் மகள் சொன்னாள். குறை சொன்னதுபோல் இருக்கிறதாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒருவர் எழுதினால்தான், தெரியும் என்று அவர் எழுதியதைப் படிக்கிறவர் நம்புவார். அந்தப் பெண்ணே கால்வாயில் செய்தது அதுதானே. வரியை எடுக்கவில்லை.

விண்ணப்பம் இணையத்தில். பெட்டி பெட்டியாகக் கேள்விகள். நீங்கள் பார்த்த மாணவர்களில் இவர் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா? தலைமைப் பண்பு, எழுத்தாற்றல், முதிர்ச்சி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. எல்லாவற்றிலும் உச்சியில் குறி போடத்தான் கை போகும். ஓரத்தில் இன்னொரு கட்டமும் இருந்தது: மதிப்பிட வாய்ப்பில்லை. எழுத்தாற்றலுக்கும் தலைமைப் பண்புக்கும் அதில் குறி போட்டேன். அவதானிப்புக்கு மட்டும் உச்சியில். அமெரிக்காவில் 1974-இல் வந்த ஒரு சட்டப்படி, சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பைப் பார்க்கக் கேட்கலாம். அதனால் விண்ணப்பிக்கும்போதே இந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று மாணவரைக் கேட்டுவிடுகிறார்கள். இவர் விட்டுக்கொடுத்திருந்தார். பார்க்கமாட்டார் என்பதற்காக நான் ஒரு வார்த்தையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. ஓய்வுபெற்றவன் என்பதால் அலுவலக லெட்டர்ஹெட்டைப் பயன்படுத்தவில்லை. சொந்த முகவரியும் முன்னாள் பதவியும் மட்டும் போட்டு, அலுவலகம் கொடுத்த பயிற்சிச் சான்றிதழின் நகலை அவரையே தனியாகச் சேர்க்கச் சொன்னேன்.

எல்லாருக்கும் இப்படிக் கிடைத்துவிடாது. அதே மாதத்தில் இன்னொரு பையன் எழுதினான். அவன் பயிற்சிக்கு வந்த ஆண்டின் குறிப்பேடு மைப்பேனாவில் எழுதியது, வெள்ளத்தோடு போயிற்று. அறிக்கையும் அவனிடம் இல்லை. கேட்ட கேள்விகளுக்கு, எல்லாம் நல்லா இருந்துச்சு சார் என்றான். அவனுக்கு அன்றே போன் போட்டுச் சொன்னேன்: "தம்பி, நீ வந்தாய், இந்தத் தேதிவரை இருந்தாய், கால்வாய்ப் பிரிவில் வேலை பார்த்தாய் என்று மட்டும்தான் என்னால் எழுத முடியும். அப்படி ஒரு நாலு வரிக் கடிதம் போனால் உனக்கு நல்லது செய்யாது, கெடுதல்கூடச் செய்யும். உன்னோடு தினமும் இருந்த பிரிவு அலுவலரைக் கேள், அவருக்குத் தெரிந்திருக்கும்." கடைசி நாள்வரை இழுத்துவிட்டு நாலு வரி கொடுத்திருந்தால் அவனுக்கு வேறு ஆளைத் தேட நேரம் இருந்திருக்காது. வருத்தப்பட்டான்தான். ஆனால் பிரிவு அலுவலரிடம் போனான், அவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

2021-இல் பொதுப்பணித்துறையின் நீர்ப் பிரிவு தனியாகி நீர்வளத்துறை ஆகிவிட்டது. என்னிடம் வேலை பழகிய ஒரு உதவிப் பொறியாளர் இப்போது அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். அவரிடம் ஒன்று சொல்லிவைத்தேன். கடைசி நாள் போட்டோ எடுக்கும் முன்னால் ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். வந்த தேதி, போகும் தேதி, தனியாகச் செய்தது, சேர்ந்து செய்தது, ஒத்துவராத ஒரு அளவு. எழுதியதைப் படித்துப் பார்த்து நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் அவர்களிடம், ஒரு நகல் உங்களிடம். ஐந்து வருஷம் கழித்து மூன்று வரி மின்னஞ்சல் வந்தால் அந்தத் தாள் பேசும்.

போன கோடையில் அவர் போன் பண்ணினார். தாள் கொடுத்தாராம். ஒரு பையன் "கால்வாயில் தண்ணீர் அளந்தேன்" என்று ஒரே வரியில் எழுதி நீட்டினானாம். "திருப்பிக் குடுத்துட்டேன் சார். எந்தக் கால்வாய்லே, எதை வச்சுலே அளந்த, எத்தனை தடவ, எது சரியா வரலன்னு கேட்டேன். பய ரெண்டு பக்கம் எழுதிட்டான்."